அரை செக்கனுக்கு 31,250 எண்ணிக்கை: டைமர் இன்டரப்ட் வைத்து எல்.ஈ.டியைத் துல்லியமாக மினுக்குவது

ஆர்டுயினோ யூனோவைக் கையில் எடுத்த எல்லோரும் முதலில் எழுதுவது ஓர் எல்.ஈ.டியை மினுக்கும் நிரல்தான். அதில் `delay(500)` இரண்டு முறை வரும். விளக்கு எரிந்து அணையும், பார்க்க ஒரு செக்கனுக்கு ஒரு தடவை மினுக்குவது போலவே இருக்கும். அது உண்மையில் ஒரு செக்கன்தானா என்று கேட்டால் பதில் வேறு.

`delay` ஒரு வேலை முடிந்த பிறகு 500 மில்லி செக்கன் காத்திருக்கும். அந்த வேலைக்கு எடுத்த நேரத்தை அது கழிப்பதில்லை. வெறும் விளக்கு மட்டும் என்றால் சுற்றுக்குச் சில மைக்ரோ செக்கன்தான் கூடும், கண்டுகொள்ள வேண்டியதில்லை. ஆனால் அதே லூப்பில் ஓர் உணரியை வாசித்து, திரையில் எழுதி, அதற்கு 20 மில்லி செக்கன் போகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு செக்கனும் 1.02 செக்கன் ஆகிவிடும். 3,600 மினுக்கலுக்கு ஒரு மணி நேரத்தோடு மேலதிகமாக 72 செக்கன் எடுக்கும். கோட்டையிலிருந்து புறப்படும் ரயிலை நேர அட்டவணைப்படி விடாமல், முந்தியது போய்ச் சேர்ந்து அரை மணி ஆன பிறகு அடுத்ததை விடுவது போன்றது இது. ஒவ்வொரு தாமதமும் அடுத்ததன் மேல் ஏறிக்கொண்டே போகும்.

அந்தத் தாமதம் சேராமல் இருப்பதற்குத்தான் டைமர். மைக்ரோகண்ட்ரோலருக்குள் தனியாக ஓர் எண்ணி இருக்கிறது. உங்கள் நிரல் என்ன செய்தாலும் அது பாட்டுக்குக் கிளாக் துடிப்பை எண்ணும். நாம் சொன்ன எண்ணை அடைந்ததும் தானே பூச்சியத்துக்குத் திரும்பி, "நேரம் வந்துவிட்டது" என்று பிரதான நிரலை இடைமறிக்கும். அந்த இடைமறிப்புத்தான் இன்டரப்ட். பூச்சியத்துக்குத் திரும்புவது வன்பொருளின் வேலை, நம் நிரலுடையது அல்ல. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் எல்லாமே விளங்கும்.

எந்த போர்ட் வேண்டும்

இந்தக் கட்டுரை ஏடிமெகா 328பி சிப்புக்கு எழுதியது. யூனோ ஆர்3, பழைய நானோ இரண்டிலும் அதுதான் இருக்கிறது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் கடைகளில் யூனோ கேட்டால் பெரும்பாலும் ஆர்3 வடிவத்து நகல் போர்ட் ஒன்றைத் தருவார்கள். அது போதும். வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள். யூனோ ஆர்4 என்றோ நானோ எவ்ரி என்றோ இருந்தால் அவற்றின் சிப் வேறு, டைமரை அமைக்கச் சிப்புக்குள் இருக்கும் நினைவிடங்களான ரெஜிஸ்டர்களின் பெயர்களும் வேறு, இங்கே வரும் குறியீடு அவற்றில் கம்பைல் ஆகாது. நகல் போர்ட்டை உங்கள் கணினி கண்டுகொள்ளாவிட்டால் பெரும்பாலும் அதில் சிஎச்340 என்ற யூஎஸ்பி சிப் இருக்கும். அதற்கான டிரைவரை நிறுவ வேண்டும்.

விளக்குக்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. போர்ட்டிலேயே 13ஆம் பின்னோடு ஓர் எல்.ஈ.டி இணைந்திருக்கிறது, பக்கத்தில் எல் என்று எழுதியிருக்கும். ஆனால் கட்டுரையின் பிற்பகுதியில் 9ஆம் பின்னுக்கும் ஒரு விளக்கு தேவைப்படும். அதற்கு ஒரு சிவப்பு எல்.ஈ.டியும் 330 ஓம் தடையியும் எடுத்து வையுங்கள். 5 வோல்ட்டில் விளக்குக்கு 2 வோல்ட் போக மிச்சம் 3 வோல்ட். அதை 330ஆல் வகுத்தால் சுமார் 9 மில்லி ஆம்பியர். பின்னுக்கும் விளக்குக்கும் பாதுகாப்பான அளவு அது.

முதலில் கணக்கு, பிறகு குறியீடு

நமக்கு வேண்டியது செக்கனுக்கு ஒரு முழு மினுக்கல். அதாவது அரை செக்கன் எரிய வேண்டும், அரை செக்கன் அணைந்திருக்க வேண்டும். ஆகவே இன்டரப்ட் வர வேண்டியது அரை செக்கனுக்கு ஒரு முறை. புதிதாகத் தொடங்கும் பலர் இங்கே ஒரு செக்கனுக்குக் கணக்குப் போட்டுவிடுவார்கள். அப்போது விளக்கு ஒரு செக்கன் எரிந்து ஒரு செக்கன் அணையும், வேகம் பாதியாகிவிடும்.

யூனோவின் கிளாக் செக்கனுக்கு 1 கோடியே 60 இலட்சம் துடிப்பு, அதாவது 16 மெகாஹெர்ட்ஸ். அரை செக்கனில் 80 இலட்சம். நாம் பாவிக்கப்போகும் டைமர் 1 பதினாறு பிட் எண்ணி, 65,535 வரைதான் அதனால் எண்ண முடியும். 80 இலட்சத்தை அப்படியே எண்ண அதற்கு இடமில்லை. ஆகவே கிளாக்கை வகுத்துக் கொடுக்க வேண்டும். வகுக்கும் பகுதிக்குப் பெயர் ப்ரீஸ்கேலர். டைமர் 1க்கு அதில் ஐந்து தெரிவுகள்தான் இருக்கின்றன: 1, 8, 64, 256, 1024.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். 8ஆல் வகுத்தால் அரை செக்கனுக்கு 10 இலட்சம், இடம் போதாது. 64ஆல் வகுத்தால் 1,25,000, அதுவும் போதாது. 256ஆல் வகுத்தால் 31,250. இது 65,535க்குள் அடங்கும், மிச்சமும் இல்லை. சரி, 1024?

வெள்ளவத்தையில் பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது அவர் கேட்ட கேள்வியும் இதுதான்: "அண்ணா, 1024 போட்டா என்ன? அதுவும் அடங்கும்தானே?"

அடங்கும். ஆனால் 80 இலட்சத்தை 1024ஆல் வகுத்தால் 7,812.5 வருகிறது. எண்ணியால் அரைத் துடிப்பை எண்ண முடியாது. 7,812 என்று வைத்தால் ஒவ்வோர் அரை செக்கனும் 32 மைக்ரோ செக்கன் குறையும். பத்து இலட்சத்துக்கு 64 பங்கு பிழை. நாளொன்றுக்குச் சேர்த்துப் பார்த்தால் ஐந்தரை செக்கன். விளக்கைப் பார்த்து யாராலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் அதை நம்பி ஒரு மணிக்கூடு செய்தால் ஒரு மாதத்தில் இரண்டே முக்கால் நிமிடம் முன்னே ஓடிவிடும். ஆகவே அடங்குகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், மிச்சமில்லாமல் வகுபடுகிறதா என்றும் பாருங்கள். இரண்டுக்கும் பொருந்தும் ப்ரீஸ்கேலர் பல இருந்தால் அவற்றில் சிறியதை எடுங்கள், எண்ணிக்கை நுணுக்கமாக இருக்கும்.

அடுத்தது அந்தப் பெயர்போன ஒன்று குறைத்தல். எண்ணி 0இல் தொடங்குகிறது. 0 முதல் 31,249 வரை எண்ணினால்தான் 31,250 படிகள். ஆகவே ஒப்பீட்டு ரெஜிஸ்டரில் எழுத வேண்டியது 31249. சூத்திரமாக எழுதினால் இப்படி வரும்:

```
OCR1A = 16000000 / (256 * 2 * f) - 1
```

இதில் `f` என்பது செக்கனுக்கு எத்தனை மினுக்கல் என்பது. 2 வருவது எரிதலுக்கும் அணைதலுக்குமாக. ஒன்றைக் குறைக்க மறந்தால் விளக்கு மினுக்கத்தான் செய்யும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒவ்வொரு சுற்றும் பத்து இலட்சத்துக்கு 32 பங்கு நீளும், நாளுக்கு 2.8 செக்கன் பிந்தும். மேலோட்டமாகப் பார்த்தால் வேலை செய்யும் பிழை என்பதால்தான் இது ஆபத்தானது.

குறியீடு

முழு நிரலும் இவ்வளவுதான்:

```cpp
void setup() {
  DDRB |= _BV(DDB5);        // 13ஆம் பின் வெளியீடு

  noInterrupts();
  TCCR1A = 0;
  TCCR1B = 0;               // டைமர் நிற்கிறது
  TCNT1  = 0;
  OCR1A  = 31249;
  TCCR1B |= _BV(WGM12);     // ஒப்பிட்டுப் பூச்சியமாக்கும் முறை
  TIFR1  = _BV(OCF1A);      // பழைய கொடியை நீக்கு
  TIMSK1 = _BV(OCIE1A);     // இன்டரப்டை அனுமதி
  TCCR1B |= _BV(CS12);      // 256ஆல் வகு, ஓடத் தொடங்கு
  interrupts();
}

ISR(TIMER1_COMPA_vect) {
  PINB = _BV(PINB5);
}

void loop() {
}
```

வரி வரியாகப் பார்ப்போம். `_BV` என்பது அடைப்புக்குள் சொன்ன இடத்து பிட்டை மட்டும் 1 ஆக்கிய எண்ணைத் தரும். 13ஆம் பின் சிப்புக்குள் பி என்ற பின் தொகுதியின் 5ஆம் பிட். `DDRB` அதை வெளியீடாக்குகிறது. `pinMode(13, OUTPUT)` என்று எழுதினாலும் அதே விளைவுதான்.

`TCCR1A = 0` என்ற வரியை ஏன் போடுகிறோம்? சிப் புதிதாக இயங்கும்போது எல்லா ரெஜிஸ்டரும் பூச்சியம்தானே என்று நினைப்பது இயல்பு. ஆனால் `setup` தொடங்குவதற்கு முன்பே ஆர்டுயினோவின் உள் நிரல் ஒன்று ஓடிவிடுகிறது. `analogWrite` வேலை செய்வதற்காக அது டைமர் 1ஐ எட்டு பிட் பீடபிள்யூஎம் முறையில் தயார் செய்து வைத்திருக்கும். அதாவது `WGM10` பிட் ஏற்கெனவே 1. நீங்கள் அதை அழிக்காமல் `WGM12`ஐ மட்டும் சேர்த்தால் இரண்டும் கூடி வேறொரு முறை ஆகிவிடும். அதில் எண்ணி 255இலேயே திரும்பிவிடும், 31,249ஐ எட்டவே எட்டாது. இன்டரப்ட் வராது, விளக்கு அசையாது. இணையத்திலிருந்து எடுத்த நிரல் "வேலை செய்யவில்லை" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் தேடுவது இந்த வரியைத்தான்.

`WGM12` போட்டதும் டைமர் சி.டி.சி. முறைக்கு வருகிறது. `OCR1A`இல் இருக்கும் எண்ணை எட்டியதும் வன்பொருளே எண்ணியின் ரெஜிஸ்டரான `TCNT1`ஐப் பூச்சியமாக்கும். இன்டரப்டுக்குள் நாம் `TCNT1 = 0` என்று எழுதத் தேவையில்லை. எழுதவும் கூடாது. அப்படி எழுதினால் இன்டரப்ட் பிந்தி வந்த நேரமும் சுற்றோடு சேர்ந்துவிடும், `delay`யின் குறை திரும்ப வந்துவிடும்.

`TIFR1` வரி சின்ன விஷயம். டைமர் ஏற்கெனவே பழைய முறையில் ஓடிக்கொண்டிருந்ததால், எண் பொருந்தியதைக் குறிக்கும் பிட்டான ஒப்பீட்டுக் கொடி எழும்பியிருக்கும். அதை நீக்காவிட்டால் இன்டரப்டை அனுமதித்த கணமே ஒரு தடவை தேவையில்லாமல் ஓடும். 1 எழுதினால் கொடி இறங்கும் என்பது முதலில் விசித்திரமாகத் தெரியும், இந்தச் சிப்பில் அப்படித்தான். `PINB`உம் அதே போல. வாசிக்கும் ரெஜிஸ்டர் என்று பெயர் இருந்தாலும் அதில் ஒரு பிட்டுக்கு 1 எழுதினால் அந்தப் பின் தலைகீழாக மாறும். எரிந்தால் அணையும், அணைந்தால் எரியும். தனியாக நிலையை நினைவில் வைக்க மாறி தேவையில்லை.

`CS12`ஐக் கடைசியில் போட்டதற்குக் காரணம், அந்தப் பிட்தான் டைமரை ஓட வைக்கிறது. எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிட்டு ஓட விடுவது நல்லது.

நிரலை ஏற்றிப் பாருங்கள். `loop` வெறுமையாக இருக்க விளக்கு மினுக்கும். இப்போது `loop`க்குள் வேண்டுமென்றே `delay(1730);` என்று ஒரு வரி போட்டு மறுபடி ஏற்றுங்கள். மினுக்கலில் எந்த மாற்றமும் இருக்காது. பிரதான நிரல் எங்கே மாட்டிக்கொண்டிருந்தாலும் டைமர் தன் எண்ணிக்கையை விடவில்லை.

எப்படிப் பிழைக்கும், எப்படி அறிவது

விளக்கு அசையவே இல்லை என்றால் மேலே சொன்ன `TCCR1A`ஐப் பாருங்கள்.

விளக்கு மெதுவாக மினுக்காமல் படபடவென்று துடிக்கிறது என்றால் `_BV` விடுபட்டிருக்கலாம். `TCCR1B |= CS12;` என்று எழுதினால் கம்பைலர் ஒன்றும் சொல்லாது. ஆனால் `CS12` என்பது பிட்டின் இட எண், அதன் பெறுமானம் 2. இரும எண்ணில் 2 என்றால் 1ஆம் இடத்து பிட், அது `CS11`. ஆகவே 256க்குப் பதிலாக 8ஆல் வகுபடும். 32 மடங்கு வேகம், செக்கனுக்கு 32 மினுக்கல். 32 என்ற இந்த விகிதத்தை எங்கே கண்டாலும் ப்ரீஸ்கேலர் பிட்டைச் சந்தேகியுங்கள்.

வேகம் சரியாகப் பாதி என்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். கணக்கில் 2ஐ விட்டிருப்பீர்கள், அல்லது 3.3 வோல்ட் ப்ரோ மினி போன்ற 8 மெகாஹெர்ட்ஸ் போர்ட் ஒன்றைப் பாவிக்கிறீர்கள்.

கண்டுபிடிக்கக் கடினமானது இன்டரப்டின் பெயரில் வரும் எழுத்துப் பிழை. `TIMER1_COMPA_vect` என்பதை `TIMER1_COMPA_vec` என்று அடித்தால் கம்பைலர் எச்சரிக்கை மட்டும்தான் தரும், நிரல் ஏறிவிடும். ஆர்டுயினோ ஐ.டி.இ.யில் எச்சரிக்கைகள் இயல்பாக மறைக்கப்பட்டிருப்பதால் அதுவும் கண்ணில் படாது. சிப்பின் பார்வையில் இன்டரப்ட் வருகிறது, அதைக் கவனிக்க யாரும் இல்லை. அப்படி நடந்தால் நிரல் தொடக்கத்துக்கே தாவும். `setup`இல் `Serial.begin(9600);` என்றும் அதன் கீழ் `Serial.println("start");` என்றும் இரண்டு வரி போட்டு வையுங்கள். அந்தச் சொல் அரை செக்கனுக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப வந்தால் நோய் இதுதான். அமைப்புகளில் கம்பைலர் எச்சரிக்கைகளை முழுமையாகக் காட்டச் சொல்லி வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

இன்னொன்று, டைமர் 1க்கு வேறு உரிமையாளர்களும் உண்டு. யூனோவில் `Servo` நூலகம் இதே டைமரைத்தான் எடுத்துக்கொள்ளும். 9ஆம், 10ஆம் பின்களில் `analogWrite` செய்வதும் இதை நம்பித்தான். அவற்றை ஒரே நிரலில் சேர்த்தால் ஒன்று கெடும். டைமர் 0ஐத் தொட்டால் `delay`, `millis` இரண்டும் குழம்பும், ஆகவே அதை விட்டுவிடுங்கள்.

ஓடும்போது வேகத்தை மாற்ற விரும்புகிறவர்களுக்கும் ஒரு சொல். எண்ணி 20,000இல் நிற்கும் நேரத்தில் `OCR1A`ஐ 15,624 என்று மாற்றினால், அந்த எண் ஏற்கெனவே கடந்துபோய்விட்டது. எண்ணி 65,535 வரை போய்ச் சுற்றி வந்துதான் அதைச் சந்திக்கும். விளக்கு ஒரு தடவை ஒரு செக்கனுக்கு மேல் உறைந்து நின்றுவிட்டுப் பிறகு சரியாகும். இடைக்கிடை ஒரு நீண்ட நிறுத்தம் தெரிந்தால் இதை நினையுங்கள். புதிய எண்ணை இன்டரப்டுக்குள்ளேயே எழுதினால் இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் அப்போது எண்ணி பூச்சியத்துக்கு அருகில்தான் இருக்கும்.

நடுக்கமும் நகர்வும்

இன்டரப்ட் வந்த கணத்திலேயே விளக்கு மாறிவிடுவதில்லை. சிப் கையிலிருக்கும் கட்டளையை முடிக்க வேண்டும், இன்டரப்ட் நிரலுக்குத் தாவ வேண்டும், ரெஜிஸ்டர்களைச் சேமிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து `millis`இன் இன்டரப்ட் ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் முடிய வேண்டும். ஆகவே ஒவ்வொரு மாற்றமும் சில மைக்ரோ செக்கன் முன்பின்னாக நடக்கும். சில நூலகங்கள் தங்கள் வேலைக்காக இன்டரப்டுகளைச் சில மில்லி செக்கன் அடைத்தும் வைக்கும். டிஎச்டி வெப்ப உணரியை வாசிக்கும் நூலகங்கள் அப்படிச் செய்பவை.

இது நடுக்கம். நகர்வு வேறு. இந்த முறை இன்டரப்ட் 3 மில்லி செக்கன் பிந்தினாலும் எண்ணி ஏற்கெனவே பூச்சியமாகி அடுத்த சுற்றை எண்ணத் தொடங்கிவிட்டது. அடுத்த மாற்றம் தன் நேரத்துக்கே வரும். பிந்தியது சேராது. `delay`யில் சேரும். டைமரின் பலன் முழுவதும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. இன்டரப்ட் முழு அரை செக்கனுக்கு மேல் அடைபட்டால் மட்டுமே ஒரு மாற்றம் தொலைந்துபோகும். அதனால்தான் இன்டரப்டுக்குள் `delay`, `Serial.print` போன்றவற்றைப் போடக் கூடாது என்கிறோம். உள்ளே இருக்கும்போது மற்ற இன்டரப்டுகள் நிற்கும், `delay` நம்பியிருக்கும் நேரக் கணக்கும் அதோடு நிற்கும்.

நடுக்கமே வேண்டாம் என்றால் நிரலை இடையிலிருந்து எடுத்துவிடலாம். டைமர் 1ஆல் 9ஆம் பின்னைத் தானே மாற்ற முடியும். எல்.ஈ.டியின் நீண்ட காலை 330 ஓம் தடையி வழியாக 9ஆம் பின்னுக்கும், குட்டைக் காலை ஜிஎன்டிக்கும் கொடுங்கள். பிறகு `setup` இப்படி இருக்கும், `ISR` தேவையில்லை, `loop` வெறுமையாகவே இருக்கட்டும்:

```cpp
void setup() {
  DDRB  |= _BV(DDB1);       // 9ஆம் பின்
  TCCR1A = 0;
  TCCR1B = 0;
  TCNT1  = 0;
  OCR1A  = 31249;
  TCCR1A = _BV(COM1A0);     // ஒப்பீட்டில் பின்னை மாற்று
  TCCR1B = _BV(WGM12) | _BV(CS12);
}
```

வெறும் மினுக்கலுக்கு இதுவே சிறந்த வழி என்பது என் கருத்து. இன்டரப்ட் வேண்டியது வேறு பின்னில் விளக்கை வைக்க விரும்பும்போதும், அந்த அரை செக்கன்களை எண்ணி வேறொரு வேலைக்குப் பயன்படுத்தும்போதும்தான்.

உண்மையில் ஒரு செக்கனா? அளந்து பாருங்கள்

இதுவரை 16 மெகாஹெர்ட்ஸ் என்பதை அப்படியே நம்பிக் கணக்குப் போட்டோம். யூனோ ஆர்3இல் பிரதான சிப்புக்கு இருப்பது குவார்ட்ஸ் படிகம் அல்ல, செராமிக் ரெசொனேட்டர். அது அரை சதவீதம் வரை விலகி ஓடலாம், வெப்பத்தாலும் கொஞ்சம் மாறும். அரை சதவீதம் என்றால் பத்து நிமிடத்துக்கு மூன்று செக்கன். மேலே 32 பங்கு, 64 பங்கு என்று பார்த்த பிழைகளை எல்லாம் இது விழுங்கிவிடும். ஆகவே துல்லியம் உண்மையாகவே வேண்டும் என்றால் உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு போர்ட்டை அளக்க வேண்டும்.

அளப்பதற்கு ஒசிலோஸ்கோப் தேவையில்லை. இணையத்தோடு நேரம் சரிபார்த்துக்கொள்ளும் கணினி ஒன்று போதும். முதல் நிரலின் `setup`இல் `Serial.begin(9600);` சேர்த்து, மிச்சத்தை இப்படி மாற்றுங்கள்:

```cpp
volatile uint16_t halves = 0;

ISR(TIMER1_COMPA_vect) {
  PINB = _BV(PINB5);
  halves++;
}

void loop() {
  static uint16_t last = 0;
  noInterrupts();
  uint16_t now = halves;
  interrupts();
  if ((uint16_t)(now - last) >= 120) {
    last += 120;
    Serial.println(now / 2);
  }
}
```

`volatile` இல்லாவிட்டால், மாறியை இன்டரப்ட் மாற்றுகிறது என்பதைக் கம்பைலர் அறியாது, பழைய பெறுமானத்தையே வைத்துக்கொண்டிருக்கலாம். எட்டு பிட் சிப் பதினாறு பிட் எண்ணை இரண்டு துண்டாக வாசிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இன்டரப்ட் வந்தால் பாதி பழையது பாதி புதியதாக ஓர் எண் கிடைக்கும். வாசிக்கும் அந்த ஒரு வரிக்கு மட்டும் இன்டரப்டை நிறுத்துவது அதற்காகத்தான்.

சீரியல் மொனிட்டரில் நேரமுத்திரையை இயக்கிவிடுங்கள். போர்ட் தன் கணக்கில் 60 செக்கன் ஆகும்போதெல்லாம் ஒரு வரி வரும், பக்கத்தில் கணினியின் நேரம் இருக்கும். 60 என்று வந்த வரிக்கும் 660 என்று வந்த வரிக்கும் இடையில் எவ்வளவு என்று பாருங்கள். யூஎஸ்பி வழியில் சில மில்லி செக்கன் தடுமாற்றம் இருக்கும், 600 செக்கனில் அது பெரிதல்ல.

ஓர் உதாரணம். முதல் வரி 10:15:00.212, இரண்டாவது 10:25:01.412 என்று வைப்போம். போர்ட் 600 என்று சொன்னது உண்மையில் 601.2 செக்கன். கிளாக் மெதுவாக ஓடுகிறது. அதன் உண்மையான வேகம் 16,000,000 × 600 ÷ 601.2, அதாவது 15,968,064 ஹெர்ட்ஸ். இதை 512ஆல் வகுத்தால் 31,187.6. கிட்டிய முழு எண் 31,188, அதில் ஒன்றைக் குறைத்து `OCR1A = 31187` என்று எழுதுங்கள். முழு எண்ணாக்கியதால் மிஞ்சும் பிழை பத்து இலட்சத்துக்கு 12 பங்கு, நாளுக்கு ஒரு செக்கன். ஆனால் 31187 என்ற எண் அந்த ஒரு போர்ட்டுக்கு மட்டும்தான். நண்பருக்குக் கொடுக்கும் நிரலில் அதை வைக்காதீர்கள். மத்தியான வெக்கையில் அளந்ததையும் ஏசி அறையில் அளந்ததையும் ஒப்பிட்டுப் பாருங்கள், எண் சற்று நகர்ந்திருக்கலாம். விளக்கு எந்த இடத்தில் இருக்கப்போகிறதோ அங்கே வைத்து அளப்பதுதான் முறை.

நாள்கணக்கில் நேரம் பிசகக் கூடாத வேலை என்றால் ரெசொனேட்டரைத் திருத்திக்கொண்டே இருப்பதில் பயனில்லை. அதற்கு டிஎஸ்3231 நேரச் சிப் பொருத்திய சிறு மொடியூலை வாங்குங்கள். வெப்பத்துக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் அந்தச் சிப் 0 முதல் 40 பாகை செல்சியஸ் வரை பத்து இலட்சத்துக்கு 2 பங்குக்குள் நிற்கும், ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். அதன் `SQW` பின்னைச் செக்கனுக்கு ஒரு துடிப்புத் தரும்படி அமைத்து, யூனோவின் 2ஆம் பின்னுக்குக் கொடுத்து, அங்கே ஒரு வெளி இன்டரப்டை வைக்கலாம். அந்த வெளியீடு தாழ மட்டுமே இழுக்கும், தானாக உயராது. ஆகவே 2ஆம் பின்னை `INPUT_PULLUP` என்று அமைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் துடிப்பு வருகிறதா இல்லையா என்றே தெரியாது.